தாலிக்குத் தங்கம் நின்றபோது: நம்பியிருந்தவருக்குச் சட்டம் தருவது என்ன?

2022 மார்ச் 18 அன்று தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் ஒரு பழைய திட்டத்தின் திசை மாறியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கிய திருமண நிதியுதவித் திட்டம் பெண்களின் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்படும் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'புதுமைப் பெண்' தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அதில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஊர் வாயில் 'தாலிக்குத் தங்கம்' என்றிருந்தது அதோடு முடிந்தது.

பழைய திட்டத்தின் கடைசிக் காலத்தில், பத்தாம் வகுப்பு படித்த மணப்பெண்ணுக்கு 25,000 ரூபாயும் பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு 50,000 ரூபாயும் தந்தார்கள். கூடவே எட்டு கிராம் தங்கம், அதாவது ஒரு பவுன். நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களில், கரும்பு வெட்டியும் வெல்ல ஆலையில் பாகு காய்ச்சியும் பிழைக்கும் வீட்டுக்கு அந்த ஒரு பவுன் சிறிய தொகையல்ல. பெண் பத்தாவது தேறும்போதே அதைக் கல்யாணக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அரசு கையை விரித்தால் அந்தக் கணக்குக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? நிர்வாகச் சட்டத்தில் இதற்கு விடை தேடும் கோட்பாடு 'நியாயமான எதிர்பார்ப்பு'. அரசின் தெளிவான வாக்குறுதியோ நெடுநாள் நடைமுறையோ ஒருவரை நம்ப வைத்திருந்தால், அந்த நம்பிக்கையைக் காரணமில்லாமல் முறிக்கக்கூடாது என்பதே அதன் சாரம். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இது இங்கிலாந்துத் தீர்ப்புகளின் வழியாக வந்ததுதான். ஆனால் அது வளர்ந்த விதம் ஒன்றல்ல.

ஜேடர்பாளையத்தில் மூன்று வீடுகளை உதாரணத்துக்குக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் வீட்டில் திட்ட விதிப்படி திருமணத்துக்கு 40 நாள் முன்பே விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியாயிற்று. தங்கம் வருமுன் திட்டம் மாறிவிட்டது. இரண்டாம் வீட்டில் தங்கம் கிடைக்கும் என்று கடன் வாங்கி நிச்சயம் செய்தார்கள், விண்ணப்பிக்கவில்லை. மூன்றாம் வீட்டுப் பெண் இன்னும் ஒன்பதாவது படிக்கிறாள். மூன்றாம் வீட்டுக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கில்லை. திட்டத்தை மாற்றும் உரிமை அரசுக்கு உண்டு, வருங்கால ஆசை எதிர்பார்ப்பாகாது. இரண்டாம் வீட்டுக்கு இரக்கம் கிடைக்கும், தீர்ப்பு கிடைப்பது அரிது. உண்மையான சண்டை முதல் வீட்டில்தான். அதன் தகுதி பழைய விதியின் கீழ் முழுமையடைந்துவிட்டது. பாக்கி அரசின் பக்கம் மட்டும்.

அந்தச் சண்டையை இந்திய உச்ச நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்குக் கேரளத்துச் சாராயத் தொழிலாளர் வழக்கு நல்ல சான்று. 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 2002-ல் ஓர் அரசாணை வந்தது: மாநில மதுபானக் கழகத்தில் தினக்கூலிப் பணியிடங்களில் 25 விழுக்காடு அவர்களுக்கு. இரண்டே ஆண்டில், 2004-ல், இன்னோர் அரசாணை அதைச் சுருக்கி, இறந்துபோன தொழிலாளரைச் சார்ந்திருந்த மகன்களுக்கு மட்டும் என்றது. உயிரோடிருப்பவர்கள் வெளியே நின்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எதிர்பார்ப்பு இருந்தாலும் பொதுநலனுக்காகக் கொள்கையை மாற்றலாம் என்பதே முடிவு.

அடுத்த ஆண்டே, 2020 டிசம்பர் 1 அன்று, ஜார்க்கண்ட் அரசுக்கு எதிரான வழக்கில் பிரம்மபுத்ரா மெட்டாலிக்ஸ் என்ற ஆலை வென்றது. 2012 தொழில்கொள்கை மின்தீர்வையில் 50 விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கான அறிவிக்கையை அரசு 2015 வரை இழுத்தடித்து, இடைப்பட்ட ஆண்டுகளுக்குச் சலுகை இல்லை என்றது. தாமதத்துக்கும் மறுப்புக்கும் அரசிடம் சொல்லத்தக்க காரணமே இல்லை. வாக்கை மீறும் அரசுதான் காரணத்தை நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். ஆலை ஜெயித்தது, கூலிக்காரர் தோற்றார் என்று இதைக் கசப்போடு படிக்கலாம்தான். ஆனால் வேறுபாடு காரணத்தில் இருக்கிறது: கேரளம் ஒரு காரணத்தை முன்வைத்தது, ஜார்க்கண்டிடம் அது இல்லை. நலத்திட்டத்தை நிறுத்தும் அரசுக்கோ நிதி நெருக்கடி, புதிய முன்னுரிமை என்று காரணத்துக்குப் பஞ்சம் வருவதில்லை. கல்யாணத்துக்குப் பதில் கல்லூரி என்ற காரணத்தை எந்த நீதிபதியும் எளிதில் தள்ள மாட்டார்.

இலங்கைக் கரையில் கதவே வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே எதிர்பார்ப்பு முறிவு, அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரையிலுள்ள சமத்துவ உரிமையின் மீறலாக வாதிடப்படுகிறது. 126 ஆம் உறுப்புரையின் கீழ் நேரே கொழும்பிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்கே மனுப் போடலாம்; நீதியும் ஒப்புரவும் என்று தோன்றும் நிவாரணத்தை, இழப்பீடு உட்பட, அது தரலாம். 1999-ல் வெளியான தயாரத்ன வழக்குத் தீர்ப்பு இதில் ஒரு மைல்கல். உதவி மருத்துவப் பயிற்சிக்கு அமைச்சு விடுத்த அழைப்பை நம்பி விண்ணப்பித்தவர்கள் தொடுத்த வழக்கு அது. கொள்கை மாற்றம் ஒருவரின் எதிர்பார்ப்பை முறிக்கும் என்றால், அது தம்மை ஏன் பாதிக்கக்கூடாது என்று சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றார் நீதியரசர் அமரசிங்க.

கதவு பெரியதுதான், ஆனால் சீக்கிரம் மூடிவிடும். உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு வர வேண்டும். இந்தியாவில் 226 ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போக இப்படி நாள் குறித்த கெடு கிடையாது. காரணமில்லாத தாமதம் மட்டும் குறையாகப் பார்க்கப்படும்.

இலங்கையின் அண்மைய சோதனை சமுர்த்தி. 1995 முதல் ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுத்த அந்த உதவிக்குப் பதில் 2023 ஜூலையில் 'அஸ்வெசும' வந்தது. தொடக்கத்தில் நான்கு படிநிலைகள், மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை. பழைய பயனாளி என்பதால் மட்டும் புதிய பட்டியலில் இடம் கிடைத்துவிடாது. வீட்டின் நிலையை அளந்துதான் தெரிவு. பட்டியல் வெளியானதும் லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. தெரிவுக்கும் மேன்முறையீட்டுக்கும் வழி 2002-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்திலேயே இருந்தது. தயாரத்ன தீர்ப்பு கேட்ட 'சொல்ல ஒரு வாய்ப்பு', எல்லோருக்கும் திருப்தியாக இல்லாவிட்டாலும், இங்கே ஒரு படிவமாகவாவது கிடைத்தது. தாலிக்குத் தங்கமோ சட்டத்தால் பிறந்ததல்ல, அரசாணைகளால் நடந்தது. ஓர் ஆணையில் பிறந்ததை இன்னோர் ஆணையில் முடித்துவிடலாம். நடுவில் விண்ணப்பதாரரைக் கேட்கும் கட்டம் ஒன்று தானாக வந்துவிடாது.

வாக்குறுதி எந்த வடிவில் வந்தது என்பதும் முக்கியம். 2020 மார்ச் 29 அன்று டெல்லி முதல்வர் செய்தியாளர் சந்திப்பில், வாடகை கட்ட முடியாத ஏழைகளுக்காக அரசே கட்டும் என்றார். அரசாணை எதுவும் வரவில்லை. 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, முதல்வர் சொல்லும் உறுதியான வாக்கு நிறைவேற்றத் தக்கதே என்று தீர்ப்பளித்தார். இரண்டே மாதத்தில் அமர்வு அதற்குத் தடை விதித்தது. முதல்வர் வாயால் சொன்னதற்கே இந்த நிலை என்றால், தேர்தல் அறிக்கையை மட்டும் கையில் வைத்திருப்பவர் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஜேடர்பாளையத்து முதல் வீட்டின் பலம் அந்த ஒப்புகைச் சீட்டும், அதிலுள்ள தேதியும், திட்டத்தை நிறுத்திய ஆணை நிலுவை விண்ணப்பங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும்தான். ஆணை அவற்றைக் காப்பாற்றியிருந்தால் வேலை எளிது. மௌனமாக இருந்தால் மாவட்டச் சமூகநல அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, மறுப்பையும் எழுத்திலேயே வாங்க வேண்டும். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட். இத்தகைய மனுக்களில் பெரும்பாலும் வரும் முதல் உத்தரவு, மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்பதுதான். தங்கத்தைக் கொடு என்று நேரடியாகச் சொல்ல வைக்க வேண்டுமானால், அதே தேதியில் விண்ணப்பித்த வேறொரு வீட்டுக்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் ஆவணம் உதவும்; அது வழக்கின் எடையையே மாற்றும். அதைத் தேடத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடலாம்.