மாவட்ட மன்றத் தலைவருக்கு ஒரு தமிழ்க் கடிதம்

ஜொகூர், சிகாமட் மாவட்டத்திலுள்ள சாஆவில் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு மாணவி தமிழ்மொழித் தாளும் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வுக்காக அவள் மூன்று மொழிகளில் கடிதம் எழுதப் பழக வேண்டும். மலாயில் அலுவல் கடிதம், ஆங்கிலத்தில் தோழிக்கு மின்னஞ்சல், தமிழில் உறவுக் கடிதமும் அலுவல் கடிதமும். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கேற்ற தொனியில் எழுது என்பதுதான் எல்லா வகுப்பிலும் சொல்லப்படுவது. கையில் கிடைப்பதோ ஒரு வார்ப்பு: அனுப்புநர் முகவரி எங்கே, தேதி எங்கே, 'ஐயா' எங்கே, தலைப்புக்குக் கோடு எங்கே, இறுதியில் 'தங்கள் உண்மையுள்ள' எங்கே.

இந்த வார்ப்பை மட்டமாகப் பேசுவது எளிது. நான் அப்படிப் பேசமாட்டேன். தமிழில் நான்கு வரி சேர்த்து எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி. மலாய் வகுப்பில் கற்றது தமிழ் வகுப்பிலும் உதவுகிறது. மலாய் அலுவல் கடிதத்தில் இரண்டாம் பத்தியிலிருந்து எண் போடுவார்கள், நம் பிள்ளைகளும் தமிழில் அதே '2.' போட்டு எழுதுகிறார்கள். நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த ஒழுங்கு கைகொடுக்கும். திருத்தும் ஆசிரியருக்கும் வசதி: முகவரி இருக்கிறதா, தலைப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சிக்கல் கடிதத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஒரு விடைத்தாளை எடுத்து, மேலே முகவரியையும் விளிப்பையும், கீழே முடிப்பையும் கையால் மூடிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் படித்துப் பாருங்கள். யாருக்கு எழுதியது என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அந்தப் பிள்ளை கடித உறையைக் கற்றிருக்கிறதே தவிர தொனியைக் கற்கவில்லை.

ஒரு மாதிரிக் கேள்வி: குடியிருப்பில் கால்வாய் அடைத்துக்கொண்டது, மாவட்ட மன்றத் தலைவருக்குப் புகார்க் கடிதம் எழுதுக. 2023 மார்ச் வெள்ளத்தைப் பார்த்த சாஆப் பிள்ளைகளுக்கு இது கற்பனை இல்லை. வழக்கமாக வரும் விடை இப்படி இருக்கும்: "எங்கள் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டதால் மக்கள் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்துள்ளனர். நீங்கள் ஏன் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை? உடனே ஆட்களை அனுப்பிச் சுத்தம் செய்யவும்." மேலே 'மதிப்பிற்குரிய ஐயா', கீழே 'தங்கள் உண்மையுள்ள'. நடுவில் மூன்று வாக்கியம், மூன்று குரல். முதல் வாக்கியம் மேடைப் பேச்சு. இரண்டாவது வாசலில் நின்று போடும் சண்டை. மூன்றாவது அறிவிப்புப் பலகை. 'செருப்பை வெளியே விடவும்' என்பதும் 'சுத்தம் செய்யவும்' என்பதும் ஒரே அச்சு. பணிவாகத்தான் எழுதினேன் என்று பிள்ளை சொல்லும். 'செய்யவும்' என்பது ஆளைப் பார்க்காமல் இடும் கட்டளை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதைச் சரிசெய்ய 'தாழ்மையுடன்', 'பணிவன்புடன்' என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் வழக்கம். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது. அதிகாரிக்குத் தேவை எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன பாதிப்பு, என்ன செய்ய வேண்டும் என்பதே. "எங்கள் தாமானின் மூன்றாம் சாலைக் கால்வாயில் இரு வாரங்களாக நீர் தேங்கி நிற்கிறது. மழை நாள்களில் அது வீட்டு வாசல்வரை ஏறுகிறது. கால்வாயைத் துப்புரவு செய்ய ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்." இங்கே பணிவுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மரியாதையான கடிதம். 'நீங்கள் ஏன்' என்ற கேள்வி போய்விட்டது, கட்டளை கோரிக்கையாகிவிட்டது, தனியாள் கோபம் 'கேட்டுக்கொள்கிறோம்' என்று குடியிருப்பின் குரலாகிவிட்டது.

உறவுக் கடிதத்தில் நிலைமை இன்னும் மோசம். 'வாசிப்பின் நன்மைகளை விளக்கித் தம்பிக்குக் கடிதம் எழுதுக' என்பார்கள். முதல் பத்தியில் நலம் விசாரிப்பு முடிந்ததும் 'முதலாவதாக', 'அடுத்ததாக', 'இதனைத் தவிர்த்து' என்று கட்டுரை தொடங்கிவிடும். தம்பி காணாமல் போய்விடுவான். பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. கருத்துகளை எண்ணிப் பார்க்கும் கேள்விக்குக் கருத்துகளை அடுக்கித்தான் விடை வரும்.

இன்னொரு நெருக்கடி தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் தோழிக்கு எழுதும்போது பேச்சில் வரும் சுருக்க வடிவங்களை எழுதலாம். எழுத்து அங்கேயே இளகிவிடும். தமிழ்த் தாளில் 'வந்துட்டேன்' என்று எழுதினால் பிழை. ஆகவே நெருக்கத்தையும் எழுத்துத் தமிழிலேயே காட்டியாக வேண்டும். வழி தெரியாத பிள்ளை எதிர்ப்பக்கம் ஓடி, தாத்தாவுக்கு 'தாங்கள் நலமுடன் இருக்கிறீர்கள் என நம்புகிறேன்' என்று எழுதுகிறது. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

முறைசார்ந்தது, முறைசாராதது என்ற பிரிவினைதான் இங்கே பிள்ளையைக் குழப்புகிறது. அது ஒரே அளவுகோல். நம் வீடுகளில் இரண்டு இருக்கின்றன: நெருக்கம் ஒன்று, மரியாதை ஒன்று. தாத்தாவிடம் இரண்டுமே கூடுதல். தம்பியிடம் நெருக்கம் உண்டு, 'நீ' போதும். மன்றத் தலைவரிடம் மரியாதை மட்டும். அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்கள்' என்றும் சொல்லும் வீடுகள் எத்தனையோ. அங்கே அம்மா மதிப்பில் குறைந்தவரா?

அதே கால்வாய்ச் செய்தியைத் தாத்தாவுக்கு எழுதினால்: "தாத்தா, வாசல் கால்வாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. போன முறை நீங்கள் மண்வெட்டியோடு இறங்கியது நினைவிருக்கிறதா? இந்த முறை அப்பா இறங்கி வழுக்கி விழுந்தார். அடி ஒன்றுமில்லை. பாட்டியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்." பேச்சுச் சொல் ஒன்றும் இல்லை, எந்தத் தேர்வாளரும் சிவப்பு மையால் சுழிக்க இடமில்லை. 'நீங்கள்', 'சொல்லிவிடாதீர்கள்' மரியாதையைப் பார்த்துக்கொள்கின்றன. இருவருக்கும் தெரிந்த பழைய சம்பவமும் பாட்டிக்குத் தெரியக்கூடாத சங்கதியும் நெருக்கத்தைக் கொண்டுவருகின்றன. தாத்தாவைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்ப முடியாது.

2021 முதல் நடைமுறையிலுள்ள எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, மொழி ஆகியவற்றோடு, வாசகரைச் சென்றடையும் திறனுக்கும் தனியாக 5 புள்ளிகள் உண்டு. தொனி அதற்குள் வருகிறது. தொனிக்கென்று தனிக் கட்டம் இருந்தால் ஆசிரியர் அதைச் சொல்லித்தராமல் இருக்க முடியாது. அதற்காக அந்த முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரலாம் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே ஒரே அளவுகோல் போதும். தாத்தாவை அது அளக்காது.

கடைசியாக, கேட்கச் சங்கடமான ஒன்று. மாவட்ட மன்ற அலுவலகத்துக்குச் சாஆவில் யாரும் தமிழில் புகார் எழுதுவதில்லை, மலாயில்தான் எழுதுவார்கள். ஆக, தமிழ் அலுவல் கடிதத்துக்குக் கேள்வி காட்டும் வாசகர் தமிழே படிக்காதவர். இல்லாத வாசகருக்கு எந்தத் தொனியைப் பொருத்துவது? அதனால்தான் பிள்ளை வார்ப்பையே நம்புகிறது. தமிழில் அலுவல் கடிதம் உண்மையில் போகும் இடங்கள் வேறு: கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், நாளிதழ் ஆசிரியர். திருவிழா முடிந்த பின் குப்பை அள்ளப்படவில்லை என்று கோயில் தலைவருக்கு அந்தச் சாஆ மாணவியை எழுதச் சொல்லிப் பாருங்கள். சிறிய ஊரில் அந்தத் தலைவர் அவளுக்கு மாமா முறையாகவும் இருப்பார். விளிப்பில் 'ஐயா' என்று எழுதுவாள். குறையைச் சொல்லும் வரியில் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு உரிமை என்பதை எந்தப் பயிற்சி நூலும் அவளுக்குச் சொல்லித்தராது. அந்த வரிக்குத்தான் புள்ளி போட வேண்டும்.