பரணில் கிடைத்த பெட்டிக்கு ஒரு படக்குறிப்பு

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது எங்கள் வீட்டு டூ இன் ஒன் கிடைத்தது. தம்பி படம் எடுத்துக் குடும்பத்தாருக்கு அனுப்பினான். கீழே எழுதியிருந்தான்: "அன்னக்கிளி பாட்டை இதில்தான் முதன்முதலாகக் கேட்டோம். அந்த மாலைப் பொழுதுகள் திரும்ப வருமா?"

பத்து நிமிடத்தில் பெரியம்மா, சித்தப்பா, வெளியூரில் இருக்கும் அத்தை மகள் என்று எல்லாரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இந்த வகைக் குறிப்பின் பலம் அதுதான். இரண்டே வரி, ஆனால் படிப்பவர் தன் வீட்டுத் திண்ணையை, தன் பாட்டை அதற்குள் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நீளமாக எழுதியிருந்தால் அத்தனை பேரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் குறிப்பு உண்மையில்லை. பேட்டரி போடும் அறையில் மடித்து வைத்திருந்த உத்தரவாத அட்டையில் 1984 என்று இருக்கிறது. அன்னக்கிளி வந்தது 1976. அந்தப் பாட்டை நாங்கள் முதலில் கேட்டது இதற்கு முன்னால் இருந்த மரப்பெட்டி ரேடியோவில். அது எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கையில் இருக்கும் பொருளின்மேல், இல்லாமல் போன பொருளின் நினைவையும் ஏற்றிவிடுகிறோம். இதைச் சின்னப் பிழை என்று என்னால் விட முடியவில்லை. மரப்பெட்டிக்கு இனிப் படமும் இல்லை, குறிப்பும் இல்லை.

இரண்டாவது குறை, அந்த வரிகளை எந்த வீட்டுப் பெட்டியின் கீழும் ஒட்டலாம் என்பது. எங்கள் பெட்டிக்கே உரியது என்ன என்று பார்க்க, உள்ளே கிடந்த ஒலிநாடாவை வெளியே எடுத்தேன். அறுபது நிமிட நாடா, பக்கத்துக்கு முப்பது. முதல் பக்கத்துக்கான அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் ஏழு பாட்டுகள். கடைக்காரரிடம் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியது. பாட்டுக்கு நாலரை நிமிடம் வைத்தால் ஆறு பாட்டுக்கே இருபத்தேழு நிமிடம் போய்விடும். மிச்சம் மூன்று நிமிடம். அதனால் ஏழாவது பாட்டு இரண்டாம் சரணத்தில் பொசுக்கென்று நின்றுவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டை யார் பாடினாலும் இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

மறுபக்கம் இன்னும் சுவையானது. நாடாவின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் ரெக்கார்ட் பொத்தான் அழுந்தாது; பாட்டு அழியாது. அப்பா இரண்டையும் ஒடித்திருக்கிறார். மறுபடியும் பதிவு செய்வதற்காக ஒரு குழியின்மேல் மட்டும் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது. அட்டையில் அந்தப் பக்கத்துப் பட்டியலை நீல மையால் அடித்துவிட்டு, அக்காவின் எழுத்தில் மூன்று பாட்டுகள். வானொலியிலிருந்து பிடித்தவை. ஒன்றின் தலையில் அறிவிப்பாளர் சொன்ன கடைசிச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டுக் கேட்ட மாலைகள் என்று எழுதும்போது, யார் தேர்ந்த பாட்டு என்பது விடுபட்டுவிடுகிறது. எந்தப் பாட்டு என்பது அப்பா கையில் இருந்த வீட்டில் அக்கா தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த மூன்று பாட்டுகளைத்தான். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அடுப்படியில் இருந்தபடி, ஓடுவதைக் கேட்டார்.

மாலை என்ற சொல்லை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாரும் எழுதுகிற சொல் என்றாலும் ரேடியோவைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் உண்டு. பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும் காற்றடுக்கு, வெயில் இறங்கியதும் கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்கு அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். அதனால்தான் மதியம் இரைச்சலாக இருந்த தூரத்து நிலையம் விளக்கு வைத்தபின் தெளிவாக வந்தது. நடுவில் ஒலி ஏறி இறங்கவும் செய்தது. பாட்டு அலைபோல வந்து போனதாகச் சித்தப்பா எழுதியது கற்பனை இல்லை.

ஒரு குறை என் பக்கமும் உண்டு. இவ்வளவையும் எழுதினால் அது படக்குறிப்பாக இருக்காது. பெரியம்மா பாதியில் விட்டுவிடுவார். எல்லாருக்கும் கதவு திறந்த தம்பியின் இரண்டு வரியை என் பத்து வரி மூடிவிடும். ஆகவே பொருளில் தெரிகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். செல்லோ டேப் தெரியும்படி நாடாவைப் பெட்டியின்மேல் வைத்து, வேறொரு படம் எடுக்கச் சொல்லி, இப்படி எழுதினேன்:

"1984இல் வாங்கியது. முதல் பக்கம் அப்பா, ஏழாவது பாட்டு பாதிதான். மறுபக்கம் அக்கா, அப்பாவுக்குத் தெரியாமல்."

அக்கா அன்றிரவே கூப்பிட்டாள். மூன்று இல்லையாம், நான்காம். நான்காவதை அட்டையில் எழுதவே இல்லையாம்.