தராசு பிடித்தவர் சொன்ன கதை

உயர்தரத் தமிழ் விடைத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: "கதை தன்மையிடத்தில் சொல்லப்படுவதால் கதைசொல்லி நம்பகமற்றவர்." இறம்பொடையில் எழுதினாலும் யாழ்ப்பாணத்தில் எழுதினாலும் இதற்குப் புள்ளி கிடைக்காது. 'நான்' என்று பேசுகிறவரெல்லாம் ஐயத்துக்குரியவர் என்றால் உலகத்துச் சுயசரிதைகளையெல்லாம் அடுப்பில் போடவேண்டியதுதான்.

நம்பகமற்ற கதைசொல்லி என்ற கருத்தை விமர்சனத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கரான வேய்ன் பூத். 1961இல் வெளிவந்த புனைகதை பற்றிய நூலில் அதை விளக்கினார். ஒரு படைப்பை முழுதாகப் படித்து முடிக்கும்போது அதன் பின்னால் ஒரு மனம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறதல்லவா, அந்த மனத்தின் மதிப்பீடுகளோடு கதைசொல்லியின் பேச்சு பொருந்தாமல் போனால் அவர் நம்பகமற்றவர் என்றார். பின்னால் வந்த ஜெர்மானிய அறிஞர் அன்ஸ்கர் நியூனிங் இதை மறுத்தார். அந்த மனத்தை யார் கண்டது, வாசகர்தான் தன் உலக அறிவையும் ஒழுக்க உணர்வையும் வைத்து அளக்கிறார் என்பது அவர் வாதம். பரீட்சை எழுதுகிறவர் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கத் தேவையில்லை. ஆனால் எதை அளவுகோலாக வைத்துக் கதைசொல்லியைக் குறை காண்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான விடைகள் விழுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, கோளாறு எங்கே என்பது. ஜேம்ஸ் ஃபெலனும் மேரி பாட்ரீஷியா மார்ட்டினும் 1999இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் நடந்ததையே தவறாகச் சொல்லலாம். நடந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டு அதன் பொருளைத் தவறாக விளங்கிக்கொள்ளலாம். இரண்டும் சரியாக இருந்தும் நல்லது கெட்டதைத் தவறாகத் தீர்மானிக்கலாம். மூன்றிலும் குறைத்துச் சொல்வதும் சேரும். அவர்கள் இதை ஆராய எடுத்துக்கொண்ட நாவல் கசுவோ இஷிகுரோவின் 'த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' (1989). அதில் வரும் பட்லர் ஸ்டீவன்ஸ் பொய்யர் அல்லர். தன் மனத்தில் இருந்ததைத் தனக்கே மறைத்துக்கொண்டவர்.

நமக்குப் பழகிய இடத்தில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும். பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு பந்தி. பேசுகிறவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"இருபது வருசமாகத் தராசு என் கையில்தான். ஒருத்தருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை. மழை ஈரத்துக்காக மட்டும் ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பேன். அந்த மாசி மாதம் றோட்டுப் புழுதி தேயிலை மேலெல்லாம் படிந்து கிடந்தது. அன்றைக்கும் வழமைபோலக் கழித்துத்தான் எழுதினேன். ராக்கு ஏன் கூடையை உதறிவிட்டுப் போனாள் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. பொம்பிளைகளுக்குக் கணக்கு வராது."

அவசரக்காரர் 'கணக்கப்பிள்ளை பொய் சொல்கிறார்' என்று எழுதிவிடுவார். திரும்பப் படித்தால் அப்படியில்லை. ஈரத்துக்காகக் கழிப்பதாக அவரே சொல்கிறார். புழுதி படிந்திருந்ததையும் அவரே சொல்கிறார். அன்றும் கழித்ததை ஒளிக்கவில்லை. நடந்தவற்றில் ஒளிவு இல்லை. ஈரமில்லாத நாளில் ஈரத்துக்கு என்ன கழிவு என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழவே இல்லை. ராக்குவுக்கு எழுந்திருக்கிறது. ஆகவே பிழை இருப்பது விளங்கிக்கொள்வதிலும் தீர்மானிப்பதிலும்.

இதை விடையாக எழுதும்போது முதல் வாக்கியத்திலேயே கோளாறின் வகையைச் சொல்லிவிடலாம்: 'கணக்கப்பிள்ளை நிகழ்ச்சிகளை உள்ளபடி சொல்கிறார், ஆனால் அவற்றில் தன் பங்கு என்ன என்பதை அவர் காணவில்லை.' பிறகு சான்று. "மழை ஈரத்துக்காக மட்டும்" என்ற சொற்களையும் "புழுதி" என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பந்தி முழுவதையும் பெயர்த்து எழுதுவது நேரத்தைத் தின்னும். அதன் பின் அளவுகோல்: அவரே சொன்ன விதியை வைத்துத்தான் அவரை அளக்கிறோம், நம்முடைய தொழிற்சங்க உணர்வை வைத்து அல்ல. மாசியில் இங்கே மழை குறைவு என்பது மலையக வாசகருக்குத் தெரியும். திருத்துகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை, புழுதி பிரதியிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவரும் அறிவைவிடக் கதைசொல்லி கவனிக்காமல் சிந்திவிட்ட சொல்லுக்கு வலு அதிகம். கடைசியாக, இந்த உத்தியால் கதைக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரி. ராக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் அவளுடைய வழக்கு கணக்கப்பிள்ளையின் வாயாலேயே நமக்கு வந்து சேர்கிறது.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதை. லயத்தில் பிறந்து வளர்ந்த மாணவர் அதில் ஏதாவது ஒரு விவரம் தோட்டத்து வழக்கத்தோடு பொருந்தவில்லை என்று காட்டக்கூடும். அது நல்ல கவனிப்பு, ஆனால் வேறு கேள்விக்கான விடை. அங்கே தவறு இருந்தால் அது எழுதியவரின் தகவல் தவறு. கதைசொல்லி நழுவுவதை வாசகர் காணவேண்டும் என்று பிரதியே ஏற்பாடு செய்திருந்தால்தான் நாம் பேசும் விஷயம் வரும்.

அப்படிப்பட்ட ஏற்பாட்டைப் பார்க்கப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்குப் போகலாம். 1943இல் வந்த இந்தக் கதையில் பேசுகிறவர் ஓர் எழுத்தாளர். தூக்கம் பிடிக்காத இரவில் தொடங்கும் அவர், தன் பிழைப்பே பிறர் ஏற்றுக்கொள்ளும் பொய்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். பல விடைகள் இதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கு இது பலவீனமான சான்றாகவே படுகிறது. தன்னைப் பொய்யன் என்று அறிவிக்கிறவர் அந்த ஒரு வாக்கியத்திலாவது உண்மை பேசுகிறார். அதை வைத்துக்கொண்டு மேலே கட்ட முடியாது.

வலுவான சான்று அந்த இரவின் வாசனையில் இருக்கிறது. அவருக்குச் சவநாற்றமும் நறுமணமும் மாறிமாறி வருகின்றன, உடல் நடுங்குகிறது. எழுப்பப்பட்ட மனைவிக்கோ லேசான ஊதுவத்தி மணந்தான். யாரோ ஏற்றியிருப்பார்கள் என்று அவள் மறுபடி தூங்கப் போகிறாள். ஒரே அறை, ஒரே காற்று, இரண்டு சாட்சியம். அவருடைய சாட்சியத்தை அளக்கக் கதைக்குள்ளேயே இன்னொரு மூக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து 'எல்லாம் அவருடைய பிரமை' என்று தாவினால் விடை கவிழும். வீட்டுக்கு வரும் பிச்சைக்காரி காஞ்சனையை மனைவியும் பார்க்கிறாள், பேசுகிறாள், வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். காஞ்சனை இருக்கிறாள், அவள் யார் என்பதுதான் வழக்கு. இதே வழக்கை ஆங்கிலத்தில் ஹென்றி ஜேம்ஸின் 'த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' (1898) எழுப்பியது. அதில் வரும் ஆவிகள் ஆசிரியைப் பெண்ணின் மனக்கோளாறே என்று 1934இல் எட்மண்ட் வில்சன் எழுதப்போய், அந்த விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. வில்சனுக்கு எதிர்ப்பக்கத்தார் காட்டிய இடம் முக்கியமானது: அவள் முன்பின் கண்டிராத ஒரு மனிதனின் அடையாளத்தைச் சொல்ல, வீட்டை நிர்வகிக்கும் பணிப்பெண் அவன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். பிரமை என்றால் இது எப்படி? தனக்கு எதிரான இப்படிப்பட்ட இடத்தைத் தானே எடுத்துப் போட்டு, அதற்குப் பிறகும் தன் கூற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டுகிற விடைக்குத்தான் கனம்.

'காஞ்சனை'யில் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அது அசையாது. பேய் உண்டா இல்லையா என்பதைக் கதை தீர்க்கவில்லை. ஆகவே கதைசொல்லி தவறாகக் கண்டார் என்று நிறுவ முடியாது. அவர் கண்டது ஒவ்வொன்றும் பயத்தின் வழியாக மட்டுமே நமக்கு வருகிறது என்பதையும், பயமில்லாத ஒருத்தி பக்கத்திலேயே இருக்கிறாள் என்பதையும் நிறுவ முடியும். முடிவில் அவள், ஆண்பிள்ளைகளே இப்படித்தான் என்ற தொனியில் அவரைத் தள்ளிவிடுகிறாள். இந்த இடத்தை மேற்கோளாக எடுப்பவர், அவள் சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அவர் பார்த்த எல்லாவற்றையும் அவள் பார்க்கவில்லை.