எப்படி முறியும் என்பதே கேள்வி

கரந்தையில் குடியிருந்துகொண்டு மருத்துவக் கல்லூரிச் சாலைக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வடவாற்றைத் தாண்டி, பழைய பேருந்து நிலையம், காந்திஜி சாலை, புதாற்றுப் பாலம், ரயிலடி என்று போனால் ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். பாதாளச் சாக்கடை மூடிகள் சில இடங்களில் சாலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும், சில இடங்களில் ஒரு சாண் கீழே கிடக்கும். குழாய்க்காகத் தோண்டி மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம் முதல் மழையிலேயே உள்வாங்கிவிடும். இந்த வழிக்கு ஒரு சைக்கிள் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காட்டப்படுவது எடை. ஒரு விரலால் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். இரும்பு கனம், அலுமினியம் லேசு, கார்பன் அதைவிட லேசு. விலையும் அதே வரிசையில் ஏறும். எடையை வைத்து ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கும் இந்த வழக்கம் பந்தயக்காரர்களிடமிருந்து வந்தது. தினசரி ஓட்டத்துக்கு அது பொருந்துமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

கணக்கு எளிமையானது. சாதாரண இரும்பு ஃப்ரேம் 3 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதே அளவு அலுமினிய ஃப்ரேம் 2 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஓட்டுபவர் 65 கிலோ, சாப்பாட்டுப் பையும் பூட்டும் 5 கிலோ, சைக்கிள் 18 கிலோ என்றால் உருளும் மொத்த எடை 88 கிலோ. அதில் ஒன்றரை கிலோ குறைவது 2 சதவீதம்கூட இல்லை. மலைப்பாதையில் அந்த ஒன்றரை கிலோவைக் கால் உணரும். டெல்டாவிலோ ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான் இருக்கின்றன. சமதரையில் காற்றும் டயரின் உருளல் தடையும்தான் நம் உழைப்பைத் தின்கின்றன. காற்றின் தடைக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. 6 கிலோமீட்டர் ஓட்டத்தில் லேசான ஃப்ரேமால் அரை நிமிடம்கூட மிச்சமாகாது. இன்னும் ஒன்று: அந்த அலுமினிய ஃப்ரேமோடு கொடுக்கப்படும் மலிவான ஸ்பிரிங் ஃபோர்க், சாதாரண இரும்பு ஃபோர்க்கைவிட ஒன்றரை கிலோ வரை கூடுதலாக இருக்கும். ஃப்ரேமில் மிச்சம் பிடித்ததை முன்சக்கரத்தின் மேலேயே திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

எடைக்கு அடுத்ததாகச் சொல்லப்படுவது சொகுசு. இரும்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும், அலுமினியம் எலும்பை உலுக்கும் என்று இரும்பின் பக்கம் நிற்பவர்களே சொல்வார்கள். இரும்பே நல்லது என்று நானும் முடிவுக்கு வந்தாலும், இந்தக் காரணம் செல்லாது. நம் சைக்கிளின் ஃப்ரேம் அடிப்படையில் இரண்டு முக்கோணங்கள். எந்த உலோகத்தில் செய்தாலும் முக்கோணம் மேலிருந்து கீழாக அழுத்தினால் வளையாது. அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசையும். டயரோ பள்ளத்தில் விழும்போது பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. நம் ஊரின் பழைய பார் சைக்கிள் ஏன் மேட்டிலும் பள்ளத்திலும் மிதந்து போகிறது என்றால், அதன் டயர் ஒன்றரை அங்குல அகலம், ஃபோர்க் நன்றாக முன்னோக்கி வளைந்தது, சீட்டின் அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. அந்த மூன்றையும் அலுமினியத்தில் பொருத்தினால் அதுவும் அப்படித்தான் மிதக்கும். ஆக, சொகுசு வேண்டுபவர் கேட்க வேண்டியது ஃப்ரேமுக்குள் எத்தனை அகல டயர் நுழையும் என்று.

எடையும் சொகுசும் போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்: இந்த ஃப்ரேம் எப்படிப் பழுதாகும், பழுதாவது முன்கூட்டித் தெரியுமா, தெரிந்தால் தஞ்சாவூரிலேயே சரிசெய்ய முடியுமா. நம் ஓட்டுநர் தினமும் 12 கிலோமீட்டர் போகிறார். பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 மீட்டர் நகர்ந்தால் நாளுக்கு 2,400 சுற்று, வருடத்துக்கு 300 நாள் என்றால் 7 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு மிதியிலும் பெடல் அச்சைச் சுற்றியுள்ள குழாய்கள் மிகச் சிறிய அளவில் முறுக்கப்பட்டு மீள்கின்றன. அதோடு பள்ளங்களின் அடி தனி. ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடிவது போல உலோகம் களைப்படைவது இப்படித்தான். இரும்புக்கு இதில் ஒரு தனிக்குணம் உண்டு: விசை ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை மிதித்தாலும் அது களைப்படையாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சின்ன விசையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அலுமினிய ஃப்ரேமின் குழாய்களைப் பருமனாகச் செய்து விசையைக் குறைக்கிறார்கள்.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு, அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நியாயமாகாது. 1997இல் ஜெர்மனியின் ‘டூர்’ இதழ் 12 பந்தய ஃப்ரேம்களை இயந்திரத்தில் பூட்டி, ஓயாமல் மிதிப்பது போல விசை கொடுத்துச் சோதித்தது. கடைசிவரை உடையாமல் நின்றவை அலுமினியமும் கார்பனும்தான்; இரும்பு ஃப்ரேம்கள் முன்னதாகவே விரிசல் விட்டன. இதை வைத்து இரும்பின் உழைப்பு வெறும் கட்டுக்கதை என்று சொல்வோர் உண்டு. அந்தச் சோதனை காட்டுவது வேறு. அவை எடையைக் குறைப்பதற்காகக் குழாயின் சுவரை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இழைத்த பந்தய இரும்பு. வடிவமைப்பு சரியாக இருந்தால் அலுமினியமும் நெடுநாள் உழைக்கும், எடைக்காகச் சுவரை மெலிய விட்டால் இரும்பும் உடையும் என்பதே அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம். அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இயந்திரத்தில் மழை பெய்யவில்லை, கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏறவில்லை, பக்கத்து வண்டி மேலே சாயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

நமக்கு அதுதான் முக்கியமான கேள்வி. இரும்பு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் வளையும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பெயின்டில் முடி போன்ற கோடு தெரியும், மிதிக்கும்போது முனகும். கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளைக் கம்பியை உருக்கி ஓட்டினால் இணைப்பு பிடித்துக்கொள்ளும். பித்தளை இரும்பைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் குழாய் அதிகம் கெடாது. வளைந்ததை நிமிர்த்தவும் ஓரளவு இடம் கொடுக்கும். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்திலிருந்து இந்த மாநிலத்தின் சாதாரண சைக்கிள் இரும்புதான். அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்ததும் அதே வகைதான். அதனால் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரின் கைப்பழக்கம் முழுவதும் இரும்பைச் சுற்றியே உருவானது. அலுமினியத்தில் விரிசல் பெரும்பாலும் வெல்டிங் தையலின் ஓரத்தில், ஹேண்டில்பார் நுழையும் குழாயின் அடியிலோ பெடல் அச்சின் பக்கத்திலோ தொடங்கும். அதைப் பற்றவைக்கும் ஆட்கள் நகரில் கிடைப்பார்கள். சிக்கல் பற்றவைத்த பிறகு வருகிறது. பரவலாகப் பயன்படும் 6061 வகை அலுமினியம் அதன் வலுவைச் சூட்டுப் பதத்தால் பெற்றது. பற்றவைக்கும் சூட்டில் அந்த இடம் தன் வலுவில் பாதியையோ அதற்கு மேலுமோ இழந்துவிடும். திரும்பப் பெற முழு ஃப்ரேமையும் 530 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, நீரில் குளிர்வித்து, மீண்டும் பல மணி நேரம் மிதமான சூட்டில் வைக்க வேண்டும். ஆலையில் மட்டுமே நடக்கக்கூடிய வேலை அது. அது இல்லாமல் ஒட்டுப்போட்ட அலுமினிய ஃப்ரேம் பார்வைக்குச் சரியாக இருந்து, தையலுக்குப் பக்கத்திலேயே திரும்பவும் முறியும்.

கார்பனைப் பற்றிய ஒரு பயத்தை முதலில் நீக்கிவிடலாம். சித்திரை வெயிலில் அது இளகிவிடாது. இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் நம் ஊர் வெயிலைவிட மிக அதிகச் சூட்டையும் தாங்கும். மிதித்து மிதித்து அது களைப்படைவதும் அரிது. அதன் குறை பக்கவாட்டு அடியில் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தின் ஸ்டாண்டில் ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாய்கிறதே, அப்போது பக்கத்து ஹேண்டில்பாரின் முனை குழாயில் இடித்தால் போதும். வெளிப்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இழைப் படலங்கள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகவும் பிரிந்த இடத்தில் மங்கிய ஒலியாகவும் கேட்கும். பழகிய காதுக்குக்கூட அது ஊகம்தான். தெரியாமல் ஓட்டினால் ஒருநாள் வளையாமல், முனகாமல் முறியும். கேரியர் பூட்ட இடம் இருப்பதும் அபூர்வம். தினசரி ஓட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இரும்புக்கு எதிரான நியாயமான குற்றச்சாட்டு துரு. துரு சுவரை அரிப்பதோடு நிற்பதில்லை. களைப்படையாத எல்லை என்று மேலே சொன்னேனே, அந்த வரத்தையே அது பறித்துவிடுகிறது. துருப்பிடித்த ஒவ்வொரு குழியும் ஒரு விரிசல் தொடங்கும் இடம். எனவே இரும்பின் மேன்மை என்பது உலர்ந்த இரும்பின் மேன்மைதான். டெல்டாவில் இதற்கு இன்னொரு எதிரியும் உண்டு: கேரியரில் ஏற்றிப் போகும் பொட்டாஷ் உரம். அது குளோரைடு உப்பு. சிந்திய தூள் ஈரத்தில் கரைந்து கேரியர் பூட்டிய போல்ட்டின் ஓரத்தில் தங்கினால் வேலையைத் தொடங்கிவிடும். குளோரைடு அலுமினியத்தையும் விடாது, குழிகுழியாக அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் வெளியில் நிற்கும் வண்டிக்கு அலுமினியம் மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாடிக்குத் தினமும் தோளில் சுமக்கிறவருக்கும் அப்படியே. அலுமினிய வண்டியிலும் சீட் கம்பியையும் போல்ட்டுகளையும் கிரீஸ் தடவித்தான் பூட்ட வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் பிறகு கழற்ற முடியாதபடி இறுகிவிடும்.

தஞ்சாவூர் நகருக்குள் நிலைமை அவ்வளவு கடுமையில்லை, துருவைத் தடுப்பதும் பெரிய வேலையில்லை. தண்ணீர் சீட் கம்பியின் பிளவு வழியாக இறங்கிப் பெடல் அச்சுக் கூட்டில் தேங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. வாங்கும்போதே அந்தக் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம். இல்லையென்றால் அச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துளை போடச் சொல்லலாம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் சீட் கம்பியை உருவிவிட்டு, வண்டியைத் தலைகீழாக நிறுத்திக் குழாயைத் தட்டினால், உள்ளே இருப்பது கீழே விரித்த பழைய செய்தித்தாளில் கொட்டும். தண்ணீர் மட்டும் வந்தால் உலரவிட்டு, உள்ளே எண்ணெய் ஓட்டி, கம்பிக்குக் கிரீஸ் தடவிப் பூட்டிவிடலாம். செந்தூள் வந்தால் அச்சையும் கழற்றிச் சுத்தம் செய்து, கூட்டின் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். தகடு தகடாக உரிந்து வந்தால், அந்த ஃப்ரேமை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.