‘செ’ என்பது எத்தனை?

அமராவதிபுதூர்ப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் பேரனுக்கு ஐயா பெயரையும் பேத்திக்கு அப்பத்தா பெயரையும் வைப்பது மரபு. பெயரை மாற்ற வழியில்லை. ஆகவே எண்கணிதக்காரர் கைவைப்பது அதன் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில்.

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: முத்தையா, செல்லம்மை. இங்கே பரவலாகப் புழங்குவது அயர்லாந்துக்காரர் கீரோ பரப்பிய அட்டவணை. அதில் ஏ, ஐ இரண்டும் 1, எல், சி, எஸ் மூன்று, எம், டி நான்கு, இ, எச் ஐந்து, யு ஆறு. எம்-யு-டி-எச்-ஐ-ஏ-எச் என்று எழுதினால் முத்தையா 26, கூட்டினால் 8. சனியின் எண் என்று பயமுறுத்துவார்கள். ஐ-க்கு முன்னால் ஒரு ஏ சேர்த்தால் 27, அதாவது 9. செல்லம்மையை எஸ்-இல் தொடங்கினால் 25, அது 7. சி-எச் போட்டால் 30, அது 3. மூன்றும் ஆறும் ஒன்பதும் உறவு எண்கள் என்பது கீரோ வாக்கு. ஒருத்தருக்கு ஓர் ஏ, இன்னொருத்தருக்கு எஸ் போய் சி-எச்: பொருத்தம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் எதுவுமே நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று குமாஸ்தா எப்படி எழுதினாரோ அதுதான் தலைவிதி! (இதைக் கல்தேயர் கலை என்கிறார்கள். அவர்கள் எழுதியது ஆப்பெழுத்து. ஜே-யும் டபிள்யூ-வும் அவர்களுக்கு ஏது?)

‘அது வெள்ளைக்காரன் சரக்கு, நம்ம பஞ்சாங்கம் ஒலியைப் பார்க்கும்’ என்று சொல்லக்கூடும். அதையும் பார்ப்போம். ஜாதகம் இல்லாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம் பிடிக்கிறார்கள். ‘மு’ மகம். சிக்கல் ‘செ’யில். சமஸ்கிருத ஒலி வரிசையில் ‘ச்சே’ அசுவினி, ‘ஸே’ பூரட்டாதி. தமிழுக்கு இரண்டும் ஒரே எழுத்து. குறில் நெடில் பேதத்தையும் அந்த வரிசை பார்ப்பதில்லை. அசுவினியிலிருந்து மகம் பத்தாவது. ஒன்பதால் வகுக்க மீதி 1, தினப்பொருத்தம் இல்லை. போதாததற்கு இரண்டும் ஒரே ரஜ்ஜு. அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள், சம்பந்தம் முறிந்தது. பூரட்டாதியிலிருந்து எண்ணினால் மகம் பதின்மூன்றாவது, மீதி 4, பொருத்தம் உண்டு. ரஜ்ஜுவும் வேறு. அதே பெண், அதே பெயர்.

நமது எழுத்து ச-வுக்கும் ஸ-வுக்கும், க-வுக்கும் ஹ-வுக்கும் தனி வரிவடிவம் வைத்துக்கொள்ளவில்லை; இடம் பார்த்து ஒலிக்கச் சொல்கிறது. இரண்டு கணக்குகளுமே இதைக் குறையாக எண்ணி, தமிழ்ப் பெயரை முதலில் வேறொரு மொழியின் பெயராக்கிக்கொண்டுதான் எண்ணத் தொடங்குகின்றன. ‘தமிழ் எண் ஜோதிடம்’ என்கிற சொல்லாடலில் தமிழ் என்பது அட்டையில் மட்டும்தான்.

அந்தப் பெயர்ப்பை யார் செய்வது? கணக்குப் போடுகிறவர். பெண்ணின் படிப்பும் சம்பளமும் பிடித்த வீட்டுக்கு அவள் சி-எச் செல்லம்மை. வேண்டாம் என்று முன்பே தீர்மானித்த வீட்டுக்கு அசுவினி. பெண் வீட்டார் திரும்பிக் கேட்க முடியாது, பதில் நட்சத்திரத்தின் பேரில் வருகிறது. கூடிவந்துவிட்டாலும், பத்திரிகை அடிக்கும் முன்பு ‘ஒரே ஒரு எழுத்துதானேம்மா’ என்று கேட்கிறார்கள். அப்புறம் சான்றிதழில் ஒரு செல்லம்மை, வங்கியில் ஒரு செல்லம்மை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். கையெழுத்து மட்டும் தமிழில், பழையபடியே.