சேலை ஒன்று, விளம்பரம் எத்தனை நாள்?

உள்ளூர் ரீல்ஸ்காரர்களுக்குப் பொருள் கொடுத்துப் பதிவு வாங்கும் சிறு கடைகள் இப்போது ஒரு நியாயம் சொல்கின்றன: "எல்லாத்தையும் முதல்லயே எழுதிக் கொடுத்திடுறோமே!" எத்தனை ரீல், எத்தனை ஸ்டோரி, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதாம்.

எழுதுவது நல்லதுதான். பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகு போன் போட்டு நச்சரித்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். இலவசமாகப் பெற்றதைப் பதிவில் தெரிவிக்க வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இலும் சொன்னதைச் சில கடைகள் நிபந்தனையாகவே சேர்க்கின்றன. அதுவும் சரி.

ஆனால் அந்தக் குறிப்பில் கடையைக் கட்டுப்படுத்தும் வரி எங்கே?

மதுரையில் ஒரு சுங்குடிக் கடை, ரீல் போடும் ஒரு பெண்ணுக்கு 1,500 ரூபாய்ச் சேலை ஒன்றை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பத்து நாளில் இரண்டு ரீல், மூன்று ஸ்டோரி. நிறத்தைக் கடையே தேர்ந்தெடுக்கும். உடுத்திக் காட்ட ரவிக்கை தைக்க வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும். அந்தச் செலவு அந்தப் பெண்ணுடையது. படம்பிடிக்க ஒரு நாள், எடிட்டிங்குக்கு ஒரு இரவு. இதுவரைகூடப் பொறுக்கலாம்.

குறிப்பின் கடைசியில் இருக்கிறது வினை: "ரீலை எங்கள் பக்கத்திலும் பயன்படுத்துவோம்." எத்தனை நாளைக்கு? பதில் இல்லை. ரீல் நன்றாகப் போனால் கடை அதைப் பணம் கட்டி விளம்பரமாக ஓட்டும். சித்திரைத் திருவிழாவுக்கு ஓடியது தீபாவளிக்கும் ஓடும். இடையில் இன்னொரு ஜவுளிக்கடை பணம் தருவதாகச் சொல்லி அவரைத் தேடி வரும். போட்டிக் கடையின் விளம்பரத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு வேறு இருக்கிறது. உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றே அது கொள்ளும். ஒரு சேலைக்கு ஐந்தாண்டு!

தெரியாமல் விட்டுப்போனது என்கிறார்கள். நான் நம்பவில்லை. ரீல்காரருக்குப் பத்து நாள் என்று கெடு வைக்கத் தெரிந்தவருக்குத் தனக்கு முப்பது நாள் என்று எழுதவா தெரியாது? பிடிக்காவிட்டால் மறுக்கலாமே என்பதும் வெறும் பேச்சு. முதல் வாய்ப்புக்குக் காத்திருப்பவர் மறுக்கமாட்டார் என்று தெரிந்துதானே சின்னக் கணக்குகளாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள்?

ரீல் கடையின் பக்கத்தில் எத்தனை நாள் இருக்கும், விளம்பரமாக ஓட்டினால் மாதத்துக்கு எவ்வளவு தருவார்கள், எப்போது நீக்குவார்கள் ஆகிய மூன்றும் எழுத்தில் வராதவரை, ரீல் போடுகிறவர்களே, பார்சலுக்கு உங்கள் முகவரியை அனுப்பாதீர்கள்.