பக்கத்துக்கொரு வழி

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு மனையை அடமானம் வைத்து வங்கிக் கடன் கேட்பவர், கடைசியில் எல்லாக் காகிதங்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்துக் கொடுப்பார். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பல காலத்து எழுத்து இருக்கும். இணையத்தில் இறக்கிய பட்டாவும் வில்லங்கச் சான்றும் முதலில் வரும். அடுத்து 1980களில் பதிவான தாய்ப்பத்திரத்தின் ஸ்கேன். பிறகு ஆவண எழுத்தர் கணினியில் அடித்துக் கொடுத்த கிரைய வரைவு, வழக்கறிஞரின் சட்டக் கருத்து, வீட்டு வரி ரசீதின் கைப்பேசிப் படம். தலைப்பில் இருக்கும் மாவட்டம்கூட ஒன்றாக இருக்காது. 1993 வரை தென்னாற்காடு, அதன் பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி.

இப்படிப்பட்ட கோப்பிலிருந்து சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் பெயர்களையும் கணினியால் எடுக்க இன்று பரவலாகக் கையாளப்படும் முறை, பக்கம் பக்கமாக வழி பிரிப்பது. ஒரு பக்கத்தில் உண்மையான எழுத்து இருந்தால் அதை அப்படியே வாசிக்கலாம். வெறும் படமாக இருந்தால் எழுத்துணரிக்கு, அதாவது ஓசிஆருக்கு அனுப்பலாம். இந்த முறையின் அடிப்படை சரியானது என்பதே என் கருத்து. ஆனால் தமிழ்க் கோப்புகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டால், வாசலில் கேட்கும் கேள்வியே தவறிவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். எல்லாப் பக்கத்தையும் எழுத்துணரிக்குத் தள்ளிவிட்டால் வேலை எளிது என்று தோன்றலாம். அப்படிச் செய்தால், ஏற்கெனவே பிழையில்லாமல் இருந்த பக்கத்திலும் நாமே பிழையைச் சேர்க்கிறோம். 45/2 என்ற சர்வே எண்ணில் உள்ள சாய்கோட்டை எழுத்துணரி 1 என்று எடுத்துக்கொண்டால், அது 4512 ஆகிவிடும். ஹெக்டேர், ஏர் கணக்கில் ஒரு புள்ளி விழுந்துவிட்டால் நிலத்தின் அளவே மாறிவிடும். தமிழ் எழுத்திலோ ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல் இருப்பது எழுத்துணரிக்கு என்றும் தொல்லை. பட்டாவில் இலக்கங்கள் இலக்கங்களாகவே பதிந்திருக்கும்போது அவற்றைப் படமாக்கி மறுபடி ஊகிக்க வைப்பதில் பொருளில்லை. நேரமும் கணக்கில் வரும். 300 டிபிஐ படமாக்கிய ஒரு பக்கத்தை எழுத்துணரி படிக்கச் சில நொடிகள் ஆகும். எழுத்தை நேரே எடுப்பது கண்ணிமைக்கும் வேலை.

முழுக் கோப்புக்கும் ஒரே முடிவு எடுக்காமல் பக்கத்துக்குப் பக்கம் எடுப்பதும் சரிதான். கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்து “இதில் எழுத்து இருக்கிறது” என்று தீர்மானித்தால், நடுவில் இருக்கும் தாய்ப்பத்திரம் வெற்றுப் பக்கங்களாகவே போய்விடும். அது போனது யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதை நடைமுறையில் செய்யப் பலர் கையாளும் கருவி ஓசிஆர்மைபிடிஎஃப். அதன் கட்டளை இது:

```
ocrmypdf --skip-text -l tam+eng kattu.pdf out.pdf
```

எழுத்துள்ள பக்கத்தைத் தொடாதே, இல்லாத பக்கத்தை மட்டும் டெசராக்ட் எழுத்துணரியால் படி என்பது இதன் பொருள். பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் இந்தக் காகிதக் கட்டைச் சேர்த்தவர், வங்கியில் கேட்டார்கள் என்று, ஒரு மென்பொருளால் எல்லாப் பக்கத்தின் அடியிலும் பக்க எண் போட்டிருந்தால் என்ன ஆகும்? அந்த எண்ணும் எழுத்துதான். தாய்ப்பத்திரத்தின் ஸ்கேன் பக்கத்தில் இப்போது ‘17’ என்ற எழுத்து இருக்கிறது. கருவி அதைக் கண்டு பக்கத்தைத் தாண்டிப் போகும். பக்கம் முழுக்கக் கிரையதாரரின் பெயரும் எல்லைகளும் இருந்தும், நமக்குக் கிடைப்பது 17 மட்டும்.

இதற்கு மருந்து கடினமில்லை. எழுத்து இருக்கிறதா என்று கேட்காமல், எத்தனை எழுத்து இருக்கிறது, பக்கத்தின் பரப்பில் எவ்வளவைப் படம் மூடியிருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பக்கத்தின் பெரும்பகுதியை ஒரே படம் மூடியிருக்க, எழுத்து ஓரிரு வரிக்கும் குறைவாக இருந்தால் அது ஸ்கேன் பக்கம்தான். மேலே முகவரித் தலைப்பு எழுத்தாகவும் கீழே உடல் முழுவதும் ஒட்டிய படமாகவும் இருக்கும் பக்கங்களும் இந்தச் சோதனையில்தான் பிடிபடும். அவற்றுக்குப் பக்கம் என்ற அலகே போதாது. படம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எழுத்துணரிக்கு அனுப்பவேண்டும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் வரும் சிக்கல். தமிழுக்கென்றே வருவது இனிமேல்தான்.

கட்டில் உள்ள கிரைய வரைவை எடுத்துக்கொள்வோம். எந்திரம் எண்ணிப் பார்க்கிறது: ஆயிரத்துக்கு மேல் எழுத்து, படம் எதுவும் இல்லை. ஆகவே நேர்வாசிப்பு. கிடைத்த உரையில் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இப்படி இருக்கிறது:

```
cSe;J}u;Ngl;il
```

வரைவு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு உளுந்தூர்பேட்டை, கோப்புக்குள் மேலே உள்ளது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குறிக்கு மாறியது. ஆனால் பழைய எழுத்துருவில் விரல் பழகியவர்கள் ஒரே ஆணையில் மாறிவிடுவதில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பத்திர மாதிரிகளைத் திறந்து, பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றுவதுதான் அவர்களுக்கு எளிது. ஆகவே இந்த வகைப் பக்கம் இன்னும் வந்துகொண்டேயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க `pdffonts -f 20 -l 20 kattu.pdf` என்று அந்தப் பக்கத்தின் எழுத்துருப் பட்டியலைக் கேட்டால் போதும். ஆறு எழுத்து முன்னொட்டுக்குப் பின் `Bamini` என்ற பெயர் தெரிந்தால் சந்தேகமே இல்லை. பெயர் மறைந்திருந்தாலும், தமிழ்ப் பக்கம் என்று தெரிந்த இடத்தில் ஒரு தமிழ்க் குறியும் இல்லாமல், சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளிகள் குவிந்திருந்தால் அது பெரும்பாலும் பாமினிதான். அதில் புள்ளி வைப்பதே அந்தக் குறியால். இந்தப் பக்கத்துக்கு எழுத்துணரியும் வேண்டாம், நேர்வாசிப்பும் உதவாது. குறியாக்கத்தை மாற்றும் மூன்றாவது வழி வேண்டும். ஓப்பன்-தமிழ் போன்ற நிரல்களில் அதற்கான அட்டவணைகள் இருக்கின்றன. இரண்டே வழி வைத்திருக்கும் முறையில் இந்தப் பக்கத்துக்கு இடமில்லை என்பதுதான் அதன் முதல் பெருங்குறை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒருங்குறியில் அடித்த பக்கத்திலும் வருவது. பிடிஎஃப் கோப்பு சேமித்துவைப்பது எழுத்து வடிவங்களையும் அவற்றை எங்கே வரையவேண்டும் என்பதையும்தான். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை தனியே இருக்கும். சில மென்பொருள்கள் உருவாக்கும் கோப்பில், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் தாளில் வரையப்படும் வரிசையிலேயே, அதாவது மெய்க்கு முன்னால், வெளியே வரும். அப்போது நம் ஊர் ‘உளுந்தூர்ேபட்ைட’ என்று கிடைக்கும். ‘உளுந்தூர்பேட்டை’ என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. எழுத்தின் எண்ணிக்கையும் சரி, தமிழ்க் குறிகளும் சரி. எல்லாச் சோதனையிலும் தேறிவிட்ட பக்கம் இது.

தமிழின் அமைப்பே இங்கே ஒரு சோதனையைத் தருகிறது. உயிர்க்குறியும் புள்ளியும் மெய்யெழுத்தின் வடிவத்துக்குப் பின்னால்தான் வரமுடியும்; சொல் முதலிலோ இன்னொரு குறிக்குப் பின்னாலோ வரமுடியாது. அதை மீறும் இடங்களை எண்ணினால் போதும்:

```python
t = unicodedata.normalize("NFC", t)
bad = re.findall(r"(?<![\u0B95-\u0BB9])[\u0BBE-\u0BCD]", t)
```

முதல் வரி, இரண்டு துண்டாக எழுதப்பட்ட ஒகர ஓகாரங்களை ஒன்றாக்குகிறது. அது இல்லாவிட்டால் நல்ல உரையையும் கெட்டது என்று எண்ணிவிடும். நல்ல தமிழ்ப் பக்கத்தில் இந்த எண்ணிக்கை பூச்சியத்தை ஒட்டியிருக்கும். வரிசை கெட்ட பக்கத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலும் ஒன்று விழும்.

ஆனால் இதை நம்பி ஒவ்வொரு சொல்லையும் ஏற்கக் கூடாது. முன்னால் குறியில்லாத மெய்வடிவம் இருந்துவிட்டால், வரிசை கெட்ட சொல்லும் இந்தச் சோதனையில் தேறிவிடும். ‘மனை’ என்பது ‘மைன’ என்று வரும். ‘தலை’ ‘தைல’ ஆகும். இலக்கணப்படி அதில் குற்றம் எதுவும் தெரியாது. மனைப் பத்திரத்தில் அந்தச் சொல்லே தொலைவது சின்ன இழப்பல்ல. ஆகவே பக்கத்தில் பிழை எண்ணிக்கை கூடினால், பிழை தெரிந்த சொல்லை மட்டும் திருத்தாமல் பக்கம் முழுவதையும் சந்தேகத்துக்குரியதாக எடுத்துக்கொள்வதே சரி.

அந்தப் பக்கத்தை என்ன செய்வது? இங்கேதான் வழக்கமான விதி தலைகீழாகிறது. அடியில் உள்ள குறிகள் கெட்டிருந்தாலும் மேலே வரையப்பட்ட பக்கம் மாசில்லாமல் இருக்கிறது. அதைப் படமாக்கினால் கறையோ சாய்வோ இல்லாத சுத்தமான அச்சுப் படம் கிடைக்கும். எழுத்துணரிக்கு அதைவிட வசதியான உணவு இல்லை. எழுத்து இருந்தும் எழுத்துணரிக்கு அனுப்பவேண்டிய பக்கம் இது. இலக்கங்களை மட்டும் பழைய அடுக்கிலிருந்தே எடுக்கலாம். கொம்புகள் இடம் மாறினாலும் இலக்கங்களுக்கு அந்தக் கேடு வருவதில்லை. சொற்கள் ஒரு வழியிலும் சர்வே எண்கள் இன்னொரு வழியிலும் வந்து ஒரே பக்கத்தில் சேரும்.

எழுத்துணரிக்குப் போகும் வழியிலும் ஒரு பொய்க் கதவு உண்டு. ஸ்கேன் கடையிலேயே ஒருமுறை எழுத்துணரி ஓட்டியிருந்தால், படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு ஒன்று இருக்கும். அந்தக் கருவி ஆங்கிலத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால் தமிழ்ப் பத்திரத்தின் அடியில் ஆங்கிலக் குப்பைதான் கிடக்கும். எழுத்துருப் பட்டியலில் `GlyphLessFont` என்று வந்தால் அது டெசராக்ட் விட்டுப்போன அடுக்கு. அங்கே `--skip-text` கூடாது; பழைய அடுக்கை நீக்கிப் புதிதாகப் படிக்கும் `--redo-ocr` வேண்டும்.

தாய்ப்பத்திரம் கையெழுத்தில் இருந்தால் இவை எதுவுமே உதவாது. டெசராக்ட் அச்செழுத்துக்குப் பழக்கப்பட்டது. கையெழுத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விடை தரும், படிக்க முடியவில்லை என்று தானாகச் சொல்லாது. அதனிடம் `tsv` வடிவில் விடை கேட்டால் ஒவ்வொரு சொல்லோடும் `conf` என்ற நம்பிக்கை மதிப்பு 100-க்கு இத்தனை என்று வரும். பக்கத்தின் சராசரி கீழே இறங்கினால் அந்தப் பக்கம் மனிதரிடம் போகவேண்டும். எந்த மதிப்பை எல்லையாக வைப்பது என்பதை, தங்கள் கட்டிலிருந்தே சில பக்கங்களைக் கண்ணால் சரிபார்த்து முடிவுசெய்யவேண்டும். வேறொருவர் வைத்த எல்லை அச்சடித்த ஆங்கிலப் பக்கங்களுக்கு வைத்ததாக இருக்கலாம்.

இந்த வகைக் கட்டுக்கு மாவட்டப் பெயரும் துணைச் சோதனையாகும். 1987 பத்திரத்தில் ‘தென்னாற்காடு’ கிடைக்காவிட்டாலோ, 2021 வில்லங்கச் சான்றில் ‘கள்ளக்குறிச்சி’ கிடைக்காவிட்டாலோ, அந்தப் பக்கம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியைத் திரும்பப் பார்க்கவேண்டும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் நேர்வாசிப்பா, எழுத்துரு மாற்றமா, எழுத்துணரியா, மனிதக் கண்ணா என்று எடுத்த உரையோடு ஒரு பத்தியில் எழுதிவைத்திருக்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் உரையைச் சேமித்தவுடன் இந்தக் குறிப்பை விட்டுவிடுகின்றன. பிறகு சர்வே எண் தவறு என்று வங்கியிலிருந்து கோப்பு திரும்பும்போது, 40 பக்கத்தையும் முதலிலிருந்து பார்க்கவேண்டியதாகிறது.